சம்பள உயர்வை ஏப்ரலில் கேட்காதீர்கள்

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வருடம் யாருக்கு எவ்வளவு உயர்வு, யாருக்குப் பதவி என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். அந்தக் கூட்டம் மார்ச் நடுவில் நடக்கும். மேலாளர் ஊழியரை அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, "உங்கள் எதிர்பார்ப்பு என்ன, மனம் விட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்கும் மதிப்பீட்டுச் சந்திப்பு ஏப்ரல் கடைசியில் நடக்கும். அதாவது முடிவு எடுத்து ஒரு மாதத்துக்கும் மேல் ஆன பிறகுதான் உங்கள் எதிர்பார்ப்பைக் கேட்கிறோம். இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. வேலை நடக்கும் வரிசையே அப்படித்தான். ஆனால் அந்த வரிசை தெரியாமல், பல நல்ல பொறியாளர்கள் வருடம் முழுவதும் சேர்த்து வைத்த நியாயங்களை அந்த ஏப்ரல் சந்திப்பில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மேலாளர் தலையாட்டுவார். அவரால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து பார்க்கலாம். எங்கள் சம்பள வருடம் ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. மார்ச்சில், ஊழியர்களின் வேலைக்கான மதிப்பெண்களைச் சமன்செய்யும் அந்தக் கூட்டம். பிப்ரவரியில் இயக்குநர்கள் மொத்தத் தொகைக்கு ஒப்புதல் தருவார்கள். அதற்கு முன், ஜனவரியில், ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் ஆட்செலவு மதிப்பீட்டை நிதித்துறைக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளில் எத்தனை பேர், எந்த நிலை, எந்த இடம் காலி, யாரை மேலே கொண்டுபோக உத்தேசம் என்று வரிசையாக இருக்கும். உங்கள் பதவி உயர்வு அந்தத் தாளில் ஒரு வரியாக இடம்பெற்றுவிட்டால், மார்ச்சில் அதை யாராவது வேலை மெனக்கெட்டு அடித்தால்தான் போகும். இடம்பெறாவிட்டால், மார்ச்சில் உங்களுக்காக இன்னொருவர் வரியை அடித்தாக வேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. ஆகவே எங்களைப் போன்ற நிறுவனத்தில் பேச வேண்டிய காலம் நவம்பர், டிசம்பர். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கணக்குப் பார்க்கும் வெளிநாட்டு நிறுவனங்களில் இது அப்படியே மூன்று மாதம் முன்னால் நகரும். உங்கள் கடிதத்தில் உயர்வு எந்தத் தேதியிலிருந்து அமல் என்று பாருங்கள். அதிலிருந்து நான்கு மாதம் பின்னால் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே உயர்வுதான். உள்ளே அது மூன்று பை. முதலாவது வருடாந்திர உயர்வு. துறைக்குச் சராசரியாக இத்தனை சதவீதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். எவ்வளவு வாதாடினாலும் இதில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் நகராது. இரண்டாவது பதவி உயர்வுக்கான பை. இது தனி ஒதுக்கீடு. இதற்கு மேல்நிலையில் ஓர் இடமும், நீங்கள் அந்த நிலையின் வேலையை ஏற்கெனவே செய்கிறீர்கள் என்பதற்கான அத்தாட்சியும் வேண்டும். மூன்றாவது, சம்பளத் திருத்தம். ஒருவரின் சம்பளம் அவருடைய நிலைக்குரிய வரம்பில் மிகக் கீழே கிடக்கிறது, புதிதாக வருபவருக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறோம் என்று தெரிந்தால், மனிதவளத் துறை இந்தப் பையைத் திறக்கும். சில சமயம் வருடத்தின் நடுவிலும் திறக்கும்.

மூன்றுக்கும் வெவ்வேறு ஆதாரம் தேவை. நன்றாக வேலை செய்தேன் என்பது முதல் பைக்கான ஆதாரம். அதை வைத்துக்கொண்டு இரண்டாவது பையைக் கேட்பவர்கள்தான் அதிகம். "இவர் இந்த நிலையில் மிகச் சிறப்பாகச் செய்கிறார்" என்று அறையில் ஒருவர் சொன்னால், "அப்படியானால் இந்த நிலையிலேயே நல்ல மதிப்பெண் கொடுத்துவிடலாம்" என்பதுதான் பதிலாக வரும். வந்தும் இருக்கிறது.

என் பிரிவில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். பிரஸ் ஷாப்பில் ஒரு சீனியர் என்ஜினியர். ஆண்டு சி.டி.சி., அதாவது நிறுவனம் அவருக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 6,60,000 ரூபாய். உதவி மேலாளர் பதவி அவருடைய இலக்கு. நவம்பர் இறுதியில் என்னிடம் வந்து, "சார், இந்த வருடம் என் பெயரை அனுப்புவீர்களா?" என்று கேட்டார். எழுதித் தாருங்கள், பார்க்கிறேன் என்றேன். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஆடிட்டுக்காக இரவு தங்கியது, கலந்துகொண்ட பயிற்சிகள், எத்தனை வருடம் இதே நிலையில் இருக்கிறார் என்பது எல்லாம் இருந்தது. எல்லாமே உண்மை. ஆனால் அதே பட்டியலை அந்தத் தளத்தில் இருக்கும் இன்னும் ஆறு பேர் எழுத முடியும்.

இரண்டாம் பக்கத்தின் கீழே, ஒரு வரியில், "டை மாற்றும் நேரம் குறைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். யாரால், எவ்வளவு, எப்போதிலிருந்து என்று எதுவும் இல்லை. எனக்கு அந்த வரிதான் வேண்டியிருந்தது.

பிரஸ் ஷாப் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பிரஸ் இயந்திரத்தில் காலையில் ஒரு பாகம், மதியம் வேறொரு பாகம் அடிப்போம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி டை, அதாவது அச்சு. பழைய டையைக் கழற்றி, புதியதை ஏற்றி, சரிபார்த்து, முதல் நல்ல பாகம் விழும்வரை இயந்திரம் சும்மா நிற்கும். எங்களுடைய இரண்டு பெரிய பிரஸ்களில் ஒன்றில் அது முன்பு சராசரியாக 95 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்ற வேண்டும். இவர் செய்தது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலைகளை, அது நிற்கும் நேரத்திலிருந்து வெளியே எடுத்தது. அடுத்த டையை முன்கூட்டியே தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்துவது, போல்ட்டுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, எல்லா டைகளுக்கும் அடியில் தகடு வைத்து உயரத்தைச் சமமாக்குவது. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்த முறைதான். எங்கள் சுவரில்கூட அதன் படம் தொங்குகிறது. ஆனால் படத்தைப் பார்த்துச் செய்தவர் இவர் ஒருவர்தான். அக்டோபர், நவம்பர் மாதங்களின் சராசரி 42 நிமிடம்.

இதை ரூபாயாக மாற்றச் சொன்னேன். உற்சாகமாகப் போய்க் கணக்குப் போட்டு வந்தார். ஒரு மாற்றத்துக்கு 53 நிமிடம் மிச்சம். நாளைக்கு மூன்று, மாதம் 25 வேலை நாள். மொத்தம் 3,975 நிமிடம், சுமார் 66 மணி நேரம். இயந்திரத்தின் ஒரு மணி நேர விலையாக நாங்கள் 2,500 ரூபாய் வைத்திருக்கிறோம். ஆக மாதம் 1,65,000, வருடம் ஏறத்தாழ 20 லட்சம். அடியில் இரட்டைக்கோடு போட்டிருந்தார்.

அந்த 20 லட்சத்தை அடிக்கச் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் மார்ச் கூட்டத்தில் நிதித்துறைத் தலைவரும் இருப்பார், அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "மிச்சமான 66 மணி நேரத்தில் கூடுதலாகப் பாகம் அடித்து விற்றீர்களா?" விற்கவில்லை. வாடிக்கையாளரின் ஆர்டர் அந்த வருடம் கூடவில்லை. இயந்திரம் முன்பு டை மாற்றத்துக்காக நின்றது, இப்போது வேலை இல்லாமல் கொஞ்சம் நிற்கிறது. அது காகிதத்தில் மட்டும் இருக்கும் சேமிப்பு. ஓர் எண் அறையில் உடைந்துவிட்டால், அதோடு சேர்ந்து மற்ற எண்களும் நம்பிக்கை இழக்கும்.

அப்படியானால் உண்மையில் எந்தப் பணம் வெளியே போவது நின்றது? ஓவர்டைம். முன்பு ஆர்டரை முடிக்க மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஷிப்ட் ஓட்டினோம். இப்போது ஒரு ஞாயிறு போதும். ஒரு ஷிப்டுக்கு எட்டு பேர், எட்டு மணி நேரம். சாதாரணக் கூலி மணிக்கு 120 ரூபாய் என்றால், ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு, 240. ஒரு ஞாயிறுக்கு 15,360 ரூபாய். மூன்று ஞாயிறு மிச்சம் என்றால் மாதம் 46,080, வருடம் ஐந்தரை லட்சம். 20 லட்சத்தோடு பார்த்தால் கால்வாசிதான். ஆனால் இந்தத் தொகை நிதித்துறையின் சொந்தப் பதிவேட்டில் ஓவர்டைம் தலைப்பில் ஏற்கெனவே குறைந்து நிற்கிறது. தன் பேரேட்டையே அவர் மறுக்க முடியாது. ஆதாரம் என்றால் இதுதான் என் கணக்கு: நீங்கள் சொல்வதை, உங்கள்மீது அக்கறை இல்லாத ஒருவர், தன்னிடம் இருக்கும் பதிவைக் கொண்டே சரிபார்க்க முடிய வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்தால்கூட பதவி உயர்வுக்கு அது பாதிதான். ஒரு முறை நடந்த மேம்பாட்டுக்குப் பரிசு கொடுத்து அனுப்பிவிடலாம். மேல்நிலைக்குரிய வேலை என்பது, தான் இல்லாதபோதும் நடக்கிற மாதிரி ஏற்பாடு செய்வது. நவம்பரில் அவர் இரண்டு வாரம் விடுப்பில் இருந்தார். அந்த நாட்களின் ஷிப்ட் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். சராசரி 44 நிமிடம். ஆபரேட்டர்கள் அவர் எழுதி மாட்டிவைத்த வேலைமுறைத் தாளைப் பார்த்து அவர்களாகவே செய்திருக்கிறார்கள். அவருக்கே இது தோன்றவில்லை. விடுப்பு எடுத்த நாட்களைக் காட்டினால் எதிராகப் போய்விடுமோ என்று பயந்தார். கடைசியில் அறையில் வேலை செய்தது அந்த 44தான்.

இறுதியாக என் கைக்கு வந்தது ஒரே பக்கம். முதல் வரியில் கோரிக்கை: உதவி மேலாளர் பதவி, ஏப்ரல் 1 முதல், சி.டி.சி. 8,40,000. அதன்கீழ், டை மாற்றும் நேரம், முன்பும் பின்பும், எந்தப் பதிவேடு. அடுத்து ஞாயிறு ஓவர்டைம், எந்தக் கணக்குத் தலைப்பு. அடுத்து விடுப்பு வாரங்களின் சராசரி. அடுத்து, டை பராமரிப்புப் பிரிவில் இருந்து இதில் உழைத்த மூன்று பேரின் பெயர். கடைசி வரி: "என் தற்போதைய பொறுப்பை ஏற்க இரண்டாவது ஷிப்ட் என்ஜினியர் தயார். டிசம்பர் முதல் வாரம் இரண்டு நாள் தனியாகப் பார்த்துக்கொண்டார்."

கடைசி இரண்டையும் நான்தான் சேர்க்கச் சொன்னேன், காரணம் உண்டு. கூட்டு வேலையைத் தனி வேலையாகக் காட்டினால், அந்த மூவரின் துறைத் தலைவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, "என் ஆட்கள்தானே செய்தார்கள்" என்பார். பெயர் போட்டுவிட்டால் அவரே சாட்சியாகிவிடுவார். அடுத்தவரைத் தயார்செய்ததும் அப்படித்தான். ஒருவர் இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும் என்ற நிலை அவருக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அவரை அங்கிருந்து எடுக்கவே யாருக்கும் துணிவு வராது, பதவியும் அதோடு நின்றுவிடும்.

இந்தப் பக்கம் டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தது. முதல் வாரம் என்றால் வாடிக்கையாளர் ஆடிட், நான் காகிதத்தை வாங்கி மேசையில் போட்டு மறந்திருப்பேன். கடைசி வாரம் என்றால் பாதிப்பேர் விடுப்பு. நாள் பார்ப்பது என்றால் இவ்வளவுதான்: உங்கள் மேலாளர் தன் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் வாரமாக அது இருக்கக் கூடாது, நிதித்துறைக்குத் தாள் போகும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். அந்தத் தேதியை நேராகக் கேட்டுவிடலாம். "சார், பெயர்ப் பட்டியல் எந்தத் தேதியில் போகிறது?" என்ற கேள்வியில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தேதி சொன்னால், உங்கள் பெயரைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மட்டும் வந்தால், இன்னும் யோசிக்கவில்லை. அப்போது ஒரு வாரம் விட்டு, அதே பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். எழுத்தில் இருப்பதை மறப்பது கொஞ்சம் கடினம்.

மார்ச் கூட்டத்தில் ஓர் இடத்துக்கு மூன்று பெயர் வந்தது. மற்ற இருவரும் சளைத்தவர்கள் இல்லை. ஒருவரைப் பற்றி அவருடைய தலைவர் சொன்னது, "ரொம்ப நேர்மையான பையன், சொன்னதைச் செய்வான்." இன்னொருவருக்கு, "எட்டு வருடமாக இதே நிலையில் இருக்கிறார்." என்னிடம் ஒரு பக்கம் இருந்தது. நான் பெரிதாகப் பேசவில்லை. நிதித்துறைத் தலைவர் ஓவர்டைம் எண்ணைத் தன் கணினியில் பார்த்தார், தலையசைத்தார். மனிதவளத் துறைத் தலைவர், "இவரை எடுத்தால் அந்த லைனை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். கடைசி வரியைக் காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அறையில் ஒரு பெயருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான் என்பதைத் தெரிந்துகொண்டால், இரண்டு பக்கம் ஏன் கூடாது என்பது விளங்கும்.

பதவி கிடைத்தது. கேட்ட 8,40,000 கிடைக்கவில்லை. உதவி மேலாளர் நிலையின் சம்பள வரம்பு 7,80,000-இல் தொடங்குகிறது. பதவி உயர்வு பெறுபவரை அந்தத் தொடக்கத்தில் வைப்பது எங்கள் வழக்கம், பெரும்பாலான இடங்களிலும் இதுதான். வெளியிலிருந்து வந்திருந்தால் வரம்பின் நடுவில் வைத்திருப்போம். இந்த அநியாயத்தை நான் பலமுறை சொல்லியாகிவிட்டது. 18 சதவீத உயர்வே அதிகம் என்பது மனிதவளத் துறையின் பதில்.

இந்த இடத்தில்தான் பலர் வேறு நிறுவனத்தின் வேலைக் கடிதத்தோடு வருவார்கள். அதனால் காரியம் ஆவதும் உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தைக் காட்டுவது போகத் தயாராக இருப்பவர் மட்டும் செய்ய வேண்டியது. எங்கள் ஊர் வழக்கப்படி மூன்று மாத நோட்டீஸ் என்றால், "சரி, போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஆள் தேட எங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தைச் சொல்லிக் கேட்பது இதைவிட மோசம். அதன் பிறகு பேச்சு உங்களைப் பற்றி இருக்காது, அந்த எண் எப்படி வெளியே வந்தது என்பதைப் பற்றித்தான் இருக்கும். சந்தை நிலவரம் வேண்டும் என்றால், உங்கள் நிறுவனமே அதே நிலைக்கு ஆள் எடுக்க வெளியிட்ட விளம்பரத்தில் சம்பளம் போட்டிருந்தால், அதைக் காட்டுங்கள். மூன்றாவது பையைத் திறக்க அதுதான் சாவி.

கடிதம் வந்ததும் அவர் என்னிடம் ஒரு கணக்கு கேட்டார். வருடம் 1,20,000 உயர்வு என்றால் மாதம் 10,000 கூட வர வேண்டும், ஏன் அவ்வளவு வரவில்லை? சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பத்தாயிரத்தில் 5,000 அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தது. அதற்கு நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 600 ரூபாய், சி.டி.சி.க்குள்ளேயே அடங்குகிறது. அவருடைய பங்கு இன்னொரு 600 பிடித்தம். கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 240 ரூபாய். செயல்திறன் ஊதியம் என்று 1,000 ரூபாய், அது வருடக் கடைசியில்தான், அதுவும் நிறுவனம் இலக்கை எட்டினால். மீதி கையில் மாதம் 7,560. பி.எஃப். பணம் அவருடையதுதான், எங்கும் போய்விடவில்லை. ஆனால் வீட்டுக் கடன் தவணையை சி.டி.சி.யில் கட்ட முடியாதே. கேட்கும்போதே "செயல்திறன் ஊதியம் நீங்கலாக, நிலையான சம்பளத்தில் இவ்வளவு" என்று கேட்டிருந்தால், அந்த 1,000-ஐயாவது நகர்த்தியிருக்கலாம். இதை நவம்பரிலேயே எழுதிவிடுங்கள். கடிதம் அச்சான பிறகு, கூட்டல் பிழை இருந்தால் மட்டும்தான் திருத்துவார்கள்.

வராமல் போன 60,000-க்கு அக்டோபரில் ஒரு மறுபரிசீலனை வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். கேட்டார். மனிதவளத் துறை மறுத்துவிட்டது, பதவி உயர்வு பெற்றவருக்கு வருட நடுவில் திருத்தம் கிடையாதாம். ஆனால் இரண்டு பெரிய பிரஸ்களிலும் டை மாற்றும் நேரம் 45 நிமிடத்துக்குக் கீழே ஒரு வருடம் நின்றால், அடுத்த உயர்வில் வரம்பின் நடுப்பகுதிக்கு அவரைப் பரிந்துரைப்பதாக நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மின்னஞ்சலின் நகல் மனிதவளத் துறைக்கும் போயிருக்கிறது. நான் மாறிப்போனாலும் அது அவருடைய கோப்பில் இருக்கும்.